‘நானும் ஒரு பெண்’ படத்தை வெட்டிக் காட்ட வேண்டாம்: தமிழ்ப் பள்ளிச் செயற்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சாட்ஸ்வொர்த், டர்பன்

மதிப்பிற்குரிய செயற்குழுவினருக்கு,

வணக்கம். மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பழைய தமிழ்ப் படங்களைத் திரையிடப்போவதாக உங்கள் சுற்றறிக்கையில் படித்தேன். முதல் படமாக 1963இல் வெளிவந்த ‘நானும் ஒரு பெண்’ படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் கதாநாயகியின் நிறத்தைப் பழிக்கும் காட்சிகளை நீக்கிவிட்டு, பாட்டுகளையும் நல்ல காட்சிகளையும் மட்டும் காட்டுவதாக முடிவு செய்திருக்கிறீர்கள். படத்தைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி. வெட்டுவதுதான் தவறு என்று எனக்குப் படுகிறது. அதே படத்தை என் பேரப்பிள்ளைகளோடு இரண்டு முறை பார்த்து, முதல் முறை நானே தடுமாறிப் போன அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய அந்தப் படத்தில் விஜயகுமாரி ஏற்ற நாயகி கறுப்பானவள், எழுத்தறியாதவள். வசதியான வீட்டில் மருமகளாக நுழைந்து, தன் நிறத்துக்காகப் புண்படுத்தப்பட்டு, பிறகு பொறுமையாலும் உழைப்பாலும் அந்த வீட்டாரின் மனத்தை வெல்கிறாள். ‘கண்ணா, கருமை நிறக் கண்ணா’ என்று பி. சுசீலாவின் குரலில் அவள் அழுது பாடும் பாட்டு, நம் வீடுகளில் பெரியவர்களுக்கு இன்றும் மனப்பாடம். கறுப்பான உன்னை யாரும் வெறுப்பதில்லையே, என்னை மட்டும் ஏன் வெறுக்கிறார்கள் என்று அவள் கண்ணனிடம் முறையிடுகிறாள். பழிக்கும் காட்சிகளை எடுத்துவிட்டு இந்தப் பாட்டை மட்டும் காட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அவளை யாரும் ஒரு சொல் சொன்னதைப் பிள்ளை பார்த்திருக்காது. ஆனாலும் அவள் தன் நிறத்தை நினைத்து அழுவாள். கறுப்பாகப் பிறப்பதே அழ வேண்டிய துன்பம் போலும் என்றுதான் பிள்ளை எண்ணும். அவளை அழவைத்தது அவள் நிறமல்ல, சுற்றியிருந்தவர்களின் நாக்கு என்று காட்டுவது நீங்கள் நீக்க நினைக்கும் அந்தக் காட்சிகள்தாம்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஒன்பது வயதுப் பேத்தியும், அவளோடு ஒரே வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டு ஜூலுச் சிறுமியும் என் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். என் பேத்திக்கே தமிழ் அரைகுறை என்பதால் இருவருமே கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துத்தான் கதையைப் பின்தொடர்ந்தார்கள். எங்களிடம் இருந்த பிரதியில், ‘கறுப்பி’ என்ற ஏச்சு வந்த இடத்தில் கீழே ‘பிளாக்’ என்று இருந்தது. தமிழ் கேட்கும் என் காதுக்கு அது ஒரே குடும்பத்துக்குள் ஒருத்தியின் நிறத்தைக் குத்தும் சொல். ஆனால் நம் நாட்டில் ‘பிளாக்’ என்பது ஒரு மக்களின் பெயர். சட்டம் போட்டு மனிதரைப் பிரித்துப் பதிவு செய்த காலம் அந்தச் சொல்லுக்குக் கொடுத்த பாரம் இன்னும் இறங்கவில்லை. அந்தச் சிறுமி திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மடியில் இருந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆயா, பிளாக்காக இருந்தால் ஏன் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது?” என்று என் பேத்தி கேட்டாள். “அது அந்தக் காலம், இப்போது அப்படி இல்லை” என்று சொல்லி மேலே ஓடவிட்டேன்.

அது உண்மையான பதில் அல்ல. பெண் பார்க்கப் போகும்போது நிறத்தைக் கேட்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. சிவப்பாக்கும் களிம்பும் வீடுகளில் இருக்கிறது. பேத்தியே ஒருநாள் இவற்றைக் கண்டுபிடிப்பாள். அன்று ஆயா பொய் சொன்னாள் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். போதாததற்கு, அவமானப்பட்ட குழந்தையிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இரண்டாம் முறை, நான் முதலில் தனியாகப் பார்த்து, ஏச்சு வரும் இடங்களின் நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டேன். பிறகு பேத்தி, அவள் தோழி, பன்னிரண்டு வயதுப் பேரன் மூவரையும் கூட்டி வைத்து, படம் தொடங்கும் முன்பே ஒன்று சொன்னேன்: “இதில் ஒரு பெண்ணை அவள் தோலின் நிறத்துக்காகத் திட்டுவார்கள். திட்டுகிறவர்கள் செய்வது தவறு என்றுதான் படமும் சொல்கிறது. கீழே வரும் அந்தச் சொல், தமிழில் நம்மவரே நம்மவரைக் குத்தும் சொல், அதுவும் அசிங்கமானதுதான்.” காட்சி ஓடும்போது நடுவில் நிறுத்தவில்லை, அது முடிந்த பிறகே நிறுத்தினேன். திட்டும் நேரத்திலேயே நிறுத்தினால், திட்டுகிறவரின் முகம் திரையில் உறைந்து நிற்க, அதன் மேல் நாம் பேச வேண்டியிருக்கும். அந்த முகம்தான் பிள்ளைகளின் மனத்தில் தங்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒருமுறை அந்த வரம்பைத் தாண்டி ஐந்து நிமிடம் பேசினேன், பேரன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

படத்துக்குள்ளேயே தீராத குறைகள் இரண்டு இருக்கின்றன. அவற்றைக் கடைசியில்தான் பேச முடிந்தது. ஒன்று, கறுப்பானவளாக நடிக்க அந்த நிறத்தவர் ஒருவரைத் தேடாமல், ஒப்பனையால் ஒருவரைக் கறுப்பாக்கியது. இதைப் பேரனுக்கு மட்டும் விளக்கினேன். சிறியவர்கள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. மற்றது இன்னும் நுட்பமானது: அவள் ஓயாமல் உழைத்து, எல்லாவற்றையும் பொறுத்த பிறகுதான் அந்த வீடு அவளை ஏற்கிறது. “அவள் சாதாரணமாக, சோம்பேறியாகவே இருந்திருந்தால்?” என்று கேட்டேன். “அப்பவும் திட்டக் கூடாது” என்று பக்கத்து வீட்டுச் சிறுமிதான் முதலில் சொன்னாள்.

நான் தள்ளிவிட்டுப் போகும் காட்சிகளும் உண்டு. அக்காலப் படங்கள் சிலவற்றில், உடம்பெல்லாம் கரி பூசி, இலையையும் இறகையும் கட்டிக்கொண்டு, பொருளற்ற ஓசைகளைக் கத்தியபடி ஆடும் ‘காட்டுவாசி’ நடனம் வரும். அந்தக் கேலிக்குக் கதையில் எவரும் பதில் சொல்வதில்லை, அதை எடுத்துவிட்டால் கதையில் ஓர் இழையும் அறுவதில்லை. நம் பிள்ளைகள் ஆப்பிரிக்கப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும் ஊரில் அதைச் சிரித்துக்கொண்டு பார்க்கவைக்க என் மனம் ஒப்பாது. ஆனால் சத்தமில்லாமல் தள்ளுவதில்லை. “இங்கே ஆப்பிரிக்க மக்களைப் போல வேடமிட்டுக் கேலி செய்கிறார்கள், அதனால் தாண்டுகிறேன்” என்று சொல்லிவிட்டே தள்ளுகிறேன். ஒளித்ததாகத் தெரிந்தால் பிள்ளைகள் கைப்பேசியில் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

நம் நாட்டின் திரைப்பட, வெளியீட்டு வாரியம் வயதுக் குறியோடு, வன்முறை, தகாத சொல் போன்றவற்றுக்கு ஒவ்வோர் எழுத்து இடுவதுபோல, பாகுபாட்டுக்கென்றும் ‘P’ என்ற எழுத்தை வைத்திருக்கிறது. நீங்கள் ஒட்டும் திரையிடல் அறிவிப்பில் அந்த எழுத்தையும், எந்தக் காட்சிக்காக என்று ஒரு வரியையும் சேர்த்தால், பெற்றோர் வீட்டிலேயே முன்கூட்டிப் பேசிவிட்டு அனுப்புவார்கள். ஏழு வயதுக்கு உட்பட்டவர்களை இந்தப் படத்துக்கு அழைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஏச்சு மட்டுமே அவர்கள் மனத்தில் நிற்கும், அதற்கான பதில் வருமுன் தூங்கிவிடுவார்கள்.

நிறுத்த வேண்டிய இடங்களின் நேரத்தை நான் குறித்துவைத்த தாளை இம்மடலோடு இணைத்திருக்கிறேன். உங்கள் பிரதியில் நேரம் சிறிது முன்பின் ஆகலாம் என்பதால், திரையிடலுக்கு ஒரு வாரம் முன்பு என்னிடம் கொடுத்தால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

பணிவன்புடன்,
பள்ளியில் பயிலும் இரு பிள்ளைகளின் ஆயா