முதலாண்டு மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும்: வருமானக் கட்டம் பற்றி ஒரு திறந்த மடல்

வணக்கம். கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ‘குடும்ப ஆண்டு வருமானம்’ என்ற ஒரே கட்டத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள்.

போன வருடம் ஒரு மாணவி வந்தார். அப்பா லோடுமேன், மாதம் 12,000. அம்மாவுக்கு நூறு நாள் வேலையில் வருடத்துக்கு 18,000. அண்ணன் பனியன் கம்பெனியில் மாதம் 15,000 வாங்குகிறார். ‘குடும்பம்’ என்றதும் மூவரின் வருமானத்தையும் கூட்டி 3,42,000 என்று போட்டுவிட்டார். உச்சவரம்போ 2,50,000.

அம்மா அப்பா இருவரில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் பெற்றோர் வருமானம் மட்டுமே கணக்கு, வேறு யார் சம்பாதித்தாலும் சேராது என்பதுதான் இந்தத் திட்டத்தின் விதி. அண்ணனை எடுத்துவிட்டால் 1,44,000உம் 18,000உம் சேர்ந்து 1,62,000. (இதை எல்லாத் திட்டத்துக்கும் பொருத்திவிடாதீர்கள். சில அறக்கட்டளைகள் வீட்டில் எல்லாருடைய சம்பளத்தையும் கேட்கும்.) இதற்கு நேர்மாறாக, மாத வருமானமான 12,000ஐ ஆண்டுக் கட்டத்தில் போடுகிறவர்களும் உண்டு. சான்றிதழில் வேறு தொகை இருக்குமே, அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

அதனால் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போதே, எந்தத் திட்டத்துக்கு, யார் யார் வருமானம் என்று சொல்லிவிடுங்கள். சான்று கைக்கு வந்தபின் அதில் உள்ள தொகையை ஒரு ரூபாய் மாறாமல் படிவத்தில் எழுதுங்கள். தொகை தப்பாக இருந்தால் திருத்த வேண்டியது சான்றைத்தான். படிவத்தில் மட்டும் சரியான தொகையைப் போட்டால் இரண்டும் ஒத்துப்போகாது, நாங்கள் திருப்பித்தான் அனுப்பவேண்டும்.

அப்புறம் எண். பணம் கட்டியதும் தரும் ரசீதில் இருப்பது விண்ணப்ப எண். சான்றிதழ் எண் தாசில்தார் அலுவலக ஒப்புதலுக்குப் பிறகு வரும் சான்றில்தான் இருக்கும். பார்க்க ஒரே மாதிரி நீளமாக இருப்பதால் ரசீதைப் பார்த்து எண்ணை நிரப்பி, ரசீதையே இணைத்தும் விடுகிறார்கள்.

இணைக்கும்போது தாளைப் போனில் படம் பிடிக்காதீர்கள். போன மாதம் வந்த ஒரு படத்தில் கட்டைவிரல் நிழல் சரியாகத் தொகையின் மேலேயே விழுந்திருந்தது. சான்று மின் கையொப்பத்தோடு பிடிஎஃப் கோப்பாகவே கிடைக்கிறது. மையத்தில் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கி அப்படியே ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக மாற்றி அனுப்பினால் கியூஆர் குறியீடு மங்கிவிடும். ஏற்றியதும் அதைத் திறந்து, இன்னொரு போனால் அந்தக் குறியீட்டைப் படித்துப் பாருங்கள். உங்கள் போன் படிக்கவில்லை என்றால் எங்களுடையதும் படிக்காது.

இப்படிக்கு,
உதவித்தொகைப் பிரிவு எழுத்தர்