செயலாளரின் ஆண்டறிக்கை: கருத்தரங்கின் குழு அமர்வுகளுக்கு ஆட்களைப் பிரித்த விதம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், சபையில் கூடியிருக்கும் பெற்றோர் ஆசிரியர் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் வெள்ளவத்தையில் கூடியது. உறுப்பினர் பதிவேடு புதுப்பிக்கப்பட்டது. நிதி விபரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், நான் அதைத் தொடவில்லை. பாடநூல் பரிமாற்றமும் வாணி விழாவும் வழமைபோல நடந்தன. இந்த அறிக்கையின் பெரும்பகுதி போயா விடுமுறையில் நடந்த ஒருநாள் பெற்றோர் கருத்தரங்கைப் பற்றியது. அதிலும் பிற்பகல் குழு அமர்வுகளுக்கு ஆட்களைப் பிரித்த விதத்தை விரிவாக எழுதுகிறேன். புதிய செயற்குழு அடுத்த முறை இதையே செய்யவேண்டி வரும், கேள்விகளும் பல வந்திருக்கின்றன.

நான்கு அமர்வுகள், நான்கு வகுப்பறைகள். புலமைப்பரிசில் பரீட்சையும் பிள்ளையின் பதற்றமும் ஒன்று. கைத்தொலைபேசியை வீட்டில் கட்டுப்படுத்துவது இரண்டாவது. பிள்ளைக்குப் பேச்சுச் சிங்களம் பழக்குவது மூன்றாவது. வீட்டு வாசிப்பு நான்காவது. கதிரைகளை வட்டமாகப் போட்டால் ஓர் அறையில் 24 பேருக்கு மேல் இருக்க முடியாது. மறுபக்கம், வளவாளர்கள் நால்வர் கொண்ட சிறு குழுக்களாகப் பயிற்சி செய்விப்பதால், குறைந்தது மூன்று குழுக்களாவது அமையாவிட்டால் அமர்வு சோர்ந்துவிடும். வராமல் விடுவோரையும் எண்ணி, ஓர் அறைக்குக் கீழெல்லை 16, மேலெல்லை 24 என்று முதலே தீர்மானித்தோம். இந்த இரண்டு எண்களையும் விண்ணப்பம் திறப்பதற்கு முன்னரே எழுதி வைக்கவேண்டும். பெயர்களைப் பார்த்த பிறகு எல்லை போட்டால், யாருக்காகப் போட்டது என்ற கதை வரும்.

விண்ணப்பம் கூகுள் படிவத்தில் போனது. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என இரண்டு வரிகளும், நான்கு அமர்வுகள் நிரல்களாகவும் அமைந்த `Multiple choice grid` வகைக் கேள்வி அது. அதில் `Limit to one response per column` என்பதைத் தெரிவு செய்யாமல் விட்டால், சிலர் இரண்டு வரியிலும் புலமைப்பரிசிலையே அழுத்திவிடுவார்கள். அப்படி அழுத்தினால் இடம் உறுதியாகும் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் பலமாக உண்டு. உண்மையில் அவருக்கு இரண்டாம் விருப்பமே இல்லாமற் போகிறது, அவ்வளவுதான்.

80 பேர் பதிந்தார்கள். முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் புலமைப்பரிசில் 38, கைத்தொலைபேசி 21, சிங்களம் 13, வாசிப்பு 8. கொழும்பில் தரம் 5 பிள்ளையுள்ள எந்த வீட்டைக் கேட்டிருந்தாலும் இந்த வரிசையை முன்கூட்டியே சொல்லியிருக்கும்.

இந்த நான்கு எண்களைப் பார்த்தவுடனேயே ஆட்களை மாற்றத் தொடங்கினால் வேலை குழம்பும். பார்க்கவேண்டியது சோடிகளை: இன்ன முதல் விருப்பத்தோடு இன்ன இரண்டாம் விருப்பம் எழுதியவர் எத்தனை பேர். நான்கு அமர்வுக்குப் பன்னிரண்டு சோடிகள்தான் வரும். முதல் விருப்பம் C நிரலிலும் இரண்டாவது D நிரலிலும் இருந்தால், ஒவ்வொரு சோடிக்கும் ஒரு சூத்திரம் போதும்:

```
=COUNTIFS(C:C,"புலமைப்பரிசில்",D:D,"வாசிப்பு")
```

புலமைப்பரிசிலை முதலாவதாகக் கேட்ட 38 பேரில் 20 பேர் இரண்டாவதாகக் கைத்தொலைபேசியையும், 11 பேர் சிங்களத்தையும், 7 பேர் வாசிப்பையும் எழுதியிருந்தார்கள். கைத்தொலைபேசியை முதலாவதாகக் கேட்ட 21 பேரில் 12 பேருக்கு இரண்டாவது புலமைப்பரிசில், 5 பேருக்குச் சிங்களம், 4 பேருக்கு வாசிப்பு. சிங்களத்தின் 13 பேரில் 3 பேர் இரண்டாவதாக வாசிப்பை எழுதியிருந்தார்கள்.

ஆளை நகர்த்துவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்தோம். முதலாவது, ஆள் குறைந்த அறையின் பெயரை எந்த இடத்திலாவது எழுதியவர்கள் எத்தனை பேர்? வாசிப்புக்கு 8, 7, 4, 3 என்று கூட்டினால் 22. எவரையும் கேட்காத அறைக்கு அனுப்பாமல் வாசிப்பு அறையில் இருத்தக்கூடிய ஆகக்கூடிய தொகை அதுதான். அது 16க்குக் கீழே வந்திருந்தால் எந்தக் கணக்கும் உதவாது, அந்த அமர்வை இன்னொன்றோடு சேர்க்கவேண்டும். இரண்டாவது, ஆள் நிறைந்த இரண்டு அறைகளை மட்டுமே எழுதியவர்கள் எத்தனை பேர்? புலமைப்பரிசிலையும் கைத்தொலைபேசியையும் இரு வரிசையிலும் எழுதியவர்கள் 20, 12, ஆக 32. இரண்டு அறைகளிலும் 48 இடம் உண்டு, ஆகவே தாங்கும். 48ஐத் தாண்டியிருந்தால் யாரோ ஒருவர் இரண்டு விருப்பத்தையும் இழக்கத்தான் வேண்டும். அப்போது பெரிய அறை தேடவேண்டும், அல்லது மூன்றாம் விருப்பம் கேட்கவேண்டும்.

பிறகு நகர்த்தல். புலமைப்பரிசில் அறையிலிருந்து 14 பேர் வெளியேறவேண்டும். அவர்களைக் கைத்தொலைபேசிப் பக்கம் விட்டால் அந்த அறையும் பொங்கும். ஆகவே வாசிப்பை இரண்டாவதாக எழுதிய 7 பேரும் வாசிப்புக்குப் போனார்கள். சிங்களத்தை எழுதிய 11 பேரில் 7 பேர் சிங்களத்துக்குப் போனார்கள். இப்போது வாசிப்பு 15, இன்னும் ஒருவர் குறைவு. கைத்தொலைபேசியை முதலாவதாகவும் வாசிப்பை இரண்டாவதாகவும் எழுதிய நால்வரில் ஒருவரை எடுத்தோம். முடிவு: புலமைப்பரிசில் 24, கைத்தொலைபேசி 20, சிங்களம் 20, வாசிப்பு 16. முதல் விருப்பம் கிடைத்தவர் 65, இரண்டாம் விருப்பம் கிடைத்தவர் 15, ஒன்றும் கிடைக்காதவர் எவருமில்லை.

ஒரே சோடிக்குள் யார் போவது, யார் இருப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கல் முடிவு செய்தது. அந்தப் பதினொருவரின் விருப்பமும் ஒன்றே என்பதால் அவர்களுக்குள் வேறு நியாயம் தேடத் தேவையில்லை. அட்டவணையில் `RAND()` போட்டு வரிசைப்படுத்தினோம். அந்த எண்கள் அட்டவணையைத் தொடும்போதெல்லாம் மாறும், எனவே பெறுமதிகளாக ஒட்டிவைத்த பின்பே வரிசைப்படுத்தவேண்டும். தலைவரும் பொருளாளரும் பக்கத்திலிருக்க ஒரே தடவை செய்து அச்செடுத்துக் கையொப்பம் இட்டோம்.

முந்தி வந்தவருக்கு முதலிடம் என்ற பழைய முறையே நல்லது என்று பலர் சொன்னார்கள். அதே 80 விண்ணப்பங்களையும் பதிந்த நேரப்படி அந்த முறையிலும் ஓட்டிப் பார்த்தோம். புலமைப்பரிசிலில் பிந்திய 14 பேரில் 9 பேரின் இரண்டாம் விருப்பம் கைத்தொலைபேசி. அங்கே மிஞ்சியிருந்தது மூன்றே இடம். மீதி 6 பேர் கேட்காத அறைக்குப் போகவேண்டி வந்திருக்கும். முதல் விருப்பம் கிடைத்தவர் 66. ஆக, எமது முறையில் முதல் விருப்பத்தில் ஒருவர் குறைந்தார், கேட்காத அமர்வில் இருத்தப்படவிருந்த ஆறு பேர் தப்பினார்கள். படிவம் இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் வந்தபோது வேலையில் நின்ற தாதியரையும் கடைக்காரரையும் பின்தள்ளுவது எனக்கு முதலே பிடிக்காத விஷயம் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நான்கு அறைக்கும் சரியாக இருபது இருபதாகப் போட்டால் என்ன என்று தலைவர் கேட்டார். முடியும். ஆனால் அதற்கு 23 பேரை இரண்டாம் விருப்பத்துக்கு அனுப்பவேண்டும், இப்போதைய 15க்குப் பதிலாக. எண்கள் அழகாக இருப்பதற்காக இன்னும் எட்டுப் பேரின் முதல் விருப்பத்தைப் பறிப்பதில் செயற்குழுவுக்கு உடன்பாடில்லை. 16க்கும் 24க்கும் இடையில் எந்தத் தொகையும் அறைக்கு நல்ல தொகைதான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த தாயொருவர் இடைவேளையில் பிளேன்ரீக் கோப்பையோடு வந்து கேட்ட கேள்வி இதைவிடக் கூர்மையானது. "புலமைப்பரிசிலைக் கேட்டு, வாசிப்பை இரண்டாவதா எழுதின ஏழு பேரையும் அனுப்பிப்போட்டீங்கள் தம்பி. கைபேசியை எழுதின இருபது பேரில ஒருத்தரையும் அசைக்கேல்லை. இது நீதியோ?" அவர் சொன்னது சரி. இதைக் கண்டுபிடித்தவர்கள் அடுத்த முறை விருப்பமில்லாவிட்டாலும் கூட்டமுள்ள அறையையே இரண்டாவதாக எழுதுவார்கள். சங்கிலியாக நகர்த்திச் சுமையைப் பரவலாக்க வழியுண்டு: புலமைப்பரிசிலிலிருந்து ஒருவர் கைத்தொலைபேசிக்கு, அங்கிருந்து இன்னொருவர் வாசிப்புக்கு, அந்த ஏழில் ஒருவர் இருந்த இடத்திலேயே. இப்படி மூன்று சங்கிலிகள் போட்டால் மூவர் தப்புவார்கள், வேறு ஆறு பேர் முதல் விருப்பத்தை இழப்பார்கள். ஆகவே செய்யவில்லை. அந்த 15 பேரின் பெயர்களையும் தனியாகக் குறித்து வைத்திருக்கிறோம். அடுத்த கருத்தரங்கில் அவர்கள் குலுக்கலுக்கு உட்படாமல் முதல் விருப்பம் பெறவேண்டும் என்பது என் பரிந்துரை.

அன்று 71 பேர் வந்தார்கள். காலி வீதியில் நெரிசல், சிலருக்கு வீட்டில் காய்ச்சல். அமர்வு தொடங்கிச் சிறிது நேரத்தில் அறைவாரியாகத் தலை எண்ணினோம்: 22, 18, 18, 13. கீழெல்லையை 12 என்று வைத்திருந்தால் வாசிப்பு அறை மூன்று குழுவுக்கும் ஆளில்லாமல் நின்றிருக்கும். பதியாமல் நேரே வந்த ஐவருக்கு வாசிப்பு அறை மட்டுமே திறந்திருந்தது, அது 18 ஆனது. புலமைப்பரிசில் அறையில் இரண்டு கதிரை வெறுமையாக இருந்ததைக் கண்டு மூவர் உள்ளே நுழையப் பார்த்தார்கள். வாசலில் பெயர்ப்பட்டியலோடு நின்ற இளைஞர் அசையவில்லை. ஒருவரை விட்டால் வாசிப்புக்கு அனுப்பிய ஏழு பேரையும் விடவேண்டும், பிறகு பட்டியல் எதற்கு?

கணவன் மனைவியாகப் பதிந்தவர்கள் ஒரே அறை கேட்டார்கள். இம்முறை ஏற்கவில்லை, ஏனென்றால் சோடிக் கணக்கில் இருவரை ஒன்றாகக் கட்டினால் நகர்த்தும் இடம் வேகமாகச் சுருங்கும். வீட்டுக்கு ஒருவர் ஓர் அமர்வு என்று போய்க் குறிப்பைப் பகிர்வதே இலாபம் என்பது என் கருத்து, மறுப்பவர்கள் வீட்டில் பேசித் தீர்க்கட்டும்.

சபையின் அங்கீகாரத்துக்காக மூன்று பிரேரணைகளை வைக்கிறேன். எல்லை எண்கள் பதிவு திறப்பதற்கு முன் அறிவிக்கப்படவேண்டும். பதிவு முடிந்த பின்பே பிரிப்பு நடக்கவேண்டும், நேரம் கணக்கில் எடுக்கப்படக்கூடாது. இம்முறை இரண்டாம் விருப்பம் பெற்ற 15 பேருக்கும் அடுத்த கருத்தரங்கில் முன்னுரிமை வழங்கப்படவேண்டும். அவர்களின் பெயர்ப்பட்டியல் புதிய செயலாளரிடம் ஒப்படைக்கப்படும்.

செயலாளர்
கொழும்பு