கழிக்க வேண்டியதைக் கழிக்காத கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் முதலீட்டுப் பகுதியில், ஒரு மாதிரிக் குழுமத்தைத் தொழில்வாரியாகப் பிரித்து மதிப்பிட்ட கட்டுரை, 'பகுதிகளின் கூட்டு மதிப்பு 12,000 கோடி, சந்தை தருவதோ 6,000 கோடி, ஆகவே இந்தப் பங்கு பாதி விலைக்குக் கிடைக்கிறது' என்ற வரியோடு முடிகிறது. தங்கள் இதழை நீண்ட காலமாக நம்பிப் படித்துவரும் எனக்கு அந்த வரி மிகுந்த வருத்தத்தைத் தந்தது. நிறுவனம் கற்பனையானதுதான் என்றாலும், இதே முறையைக் கற்றுக்கொண்டு உண்மையான பங்குகளில் சேமிப்பைப் போடும் வாசகர்கள் இருக்கிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

கட்டுரையில் கூட்டப்பட்டவை மூன்று. முழுவதும் சொந்தமான சிமெண்ட் தொழிலின் ஆண்டு லாபம், வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றுக்கு முன் 500 கோடி. அதை 8 மடங்காக்கி 4,000 கோடி என்றார்கள். தனியாகப் பட்டியலிடப்பட்ட நிதி நிறுவனத்தின் சந்தை மதிப்பு 6,000 கோடி. இன்னும் நட்டத்தில் ஓடும் சில்லறை விற்பனைத் தொழிலுக்கு, ஆண்டு விற்பனை 1,000 கோடியின் இரு மடங்கு என்று 2,000 கோடி. இம்மூன்றையும் கூட்டினால் 12,000 வருவது சரியே. ஆனால் அதே கட்டுரையின் அடியில் தாங்கள் அச்சிட்டிருந்த நிதிநிலைச் சுருக்கத்தைக் கட்டுரையாளர் தம் கணக்கில் எங்குமே பயன்படுத்தவில்லை.

அந்தச் சுருக்கத்தின்படி, நிதி நிறுவனத்தில் தாய் நிறுவனத்தின் பங்கு 55 சதவீதம் மட்டுமே. மீதி 45 சதவீதம் வெளியாருடையது. அவர்களுடைய சொத்தை நம்முடையதாக எண்ணக் கூடாது. ஆக 6,000 என்பது 3,300 ஆகி, கூட்டுத்தொகை 9,300 கோடிக்கு இறங்குகிறது. அடுத்தது கடன். வட்டிக்கு முந்தைய லாபத்தைப் பெருக்கி வரும் தொகை, கடன் கொடுத்தவருக்கும் பங்குதாரருக்கும் சேர்ந்த மதிப்பு. கடனைக் கழித்த பிறகே பங்குதாரருக்கு உரியது தெரியும். தாய் நிறுவனத்துக்கும் அதன் முழு உடைமைத் தொழில்களுக்கும் உள்ள நிகரக் கடன் 1,400 கோடி. அதைக் கழித்தால் 7,900. இங்கே எதிர்ப்பக்கத் தவறு ஒன்றும் நேர்வதுண்டு. குழுமம் முழுமைக்குமான ஒருங்கிணைந்த கணக்கிலிருந்து கடனை எடுத்தால் நிதி நிறுவனம் வாங்கிய கடனும் உள்ளே வந்துவிடும். அந்தக் கடன் அதன் பங்கு விலையில் ஏற்கெனவே கணக்கிடப்பட்டது என்பதால், மறுபடி கழிப்பது ஒரே கடனை இரு முறை கழிப்பதாகும்.

மூன்றாவது, எந்தத் தொழிலின் கணக்கிலும் சேர்க்கப்படாத தலைமையகச் செலவு. ஆண்டுக்கு 100 கோடி என்று சுருக்கத்தில் இருக்கிறது. குழுமம் இருக்கும் வரை ஆண்டுதோறும் போகும் பணம் இது. லாபத்தை 8 மடங்காக்கிக் கூட்டியவர், இந்தச் செலவையும் 8 மடங்காக்கிக் கழித்திருக்க வேண்டும். அதன் பின் எஞ்சுவது 7,100 கோடி. பங்குத் தரகு நிறுவனம் ஒன்றின் ஆய்வுப் பிரிவில் நான் பணியாற்றிய நாட்களில், இந்த ஒரு வரியைச் சேர்த்ததற்காக என் அறிக்கை திருப்பி அனுப்பப்பட்டது. இலக்கு விலை குறைகிறதே என்பது மட்டுமே எனக்குச் சொல்லப்பட்ட காரணம். பிறகு அந்த வரி இல்லாமலேயே அறிக்கை வெளியானது. அதே வரி தங்கள் பக்கங்களிலும் விடுபட்டிருப்பதைக் காணும்போது ஆறாத பழைய வேதனை திரும்புகிறது.

ஆக, சந்தையின் 6,000 கோடிக்கும் 7,100 கோடிக்கும் உள்ள இடைவெளி 1,100 கோடி, அதாவது ஏறத்தாழ 15 சதவீதம். கட்டுரை சொன்ன 50 சதவீதத்தின் பெரும்பகுதி கழிக்காமல் விட்டதால் பிறந்தது. சில்லறைத் தொழிலுக்கு இரு மடங்குக்குப் பதில் ஒரு மடங்கு தந்தால் அந்த 15 சதவீதமும் கிட்டத்தட்ட மறைந்துவிடும். மொத்தக் கணக்கும் ஒரு நட்டத் தொழிலுக்கு நாம் தரும் மடங்கைப் பற்றித் தொங்குகிறது என்பதையாவது வாசகருக்குச் சொல்லியிருக்கலாம்.

எஞ்சும் இடைவெளிதான் உண்மையில் விவாதிக்கத் தக்கது. அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து பெர்கர், ஓஃபெக் இருவரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு, பல தொழில்களை ஒருங்கே நடத்தும் நிறுவனங்கள், அத்தொழில்கள் தனித்தனியாக இருந்தால் பெறும் மதிப்பைவிடச் சராசரியாக 13 முதல் 15 சதவீதம் குறைவாக மதிப்பிடப்படுவதைக் கண்டது. வளம் குறைந்த தொழில்களுக்கு மற்றவை தீனி போடுவதை ஒரு காரணமாக அவர்கள் காட்டினார்கள். பின்னர், 2002-ல், காம்பா, கெடியா இருவரும், பல தொழில்களில் இறங்கும் நிறுவனங்களை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தும் காரணங்களைக் கணக்கில் கொண்டால் அந்தக் குறைவு சுருங்கிவிடுகிறது அல்லது மறைகிறது என்று காட்டினார்கள். இந்த மறுப்பையும் தங்கள் இதழ் ஒருபோதும் எடுத்துரைத்ததில்லை.

மேற்படி மாதிரியில் சிமெண்ட் தரும் பணம் சில்லறைத் தொழிலின் நட்டத்துக்குப் போகிறது. ஆண்டுக்கு 300 கோடி வீதம் சில ஆண்டுகள் போய், அதற்கேற்ற வருமானம் திரும்பாது என்று சந்தை அஞ்சினால், அந்த அச்சம் ஒன்றே 1,100 கோடியில் பெரும்பகுதியை விளக்கிவிடும். தனித்தனியாக வாங்கியிருந்தால் சிமெண்ட் லாபத்தை எங்கே போடுவது என்று பங்குதாரரே தீர்மானிப்பார். குழுமத்தில் அந்த உரிமை அவரிடம் இல்லை. ஒரு முதலீட்டு நிறுவனத்தின் பங்குகளை நான் வைத்திருந்தபோது, துணை நிறுவனங்களிலிருந்து டிவிடெண்ட் தவறாமல் வந்தது. எங்களுக்கோ அதில் மிகச் சிறு பகுதியே கிடைத்தது. மீதி புதுப்புதுத் தொழில்களுக்குப் போயிற்று. பொதுக்குழுவில் எழுந்து காரணம் கேட்டேன். 'நீண்ட கால நோக்கு' என்ற இரண்டு நிமிட விளக்கத்துக்குப் பின் ஒலிவாங்கி அடுத்தவரிடம் போய்விட்டது. அந்தப் பங்கு தன் சொத்துகளின் மதிப்புக்குக் கீழே விலைபோன அந்தத் தள்ளுபடி, நான் விற்கும் நாள் வரை குறையவேயில்லை.

தொழில்களைப் பிரித்துப் பட்டியலிட்டாலே இந்த இடைவெளி தானாக மூடிவிடும் என்று தங்கள் இதழ் முன்பும் எழுதியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நாஸ்பர்ஸ் நிறுவனத்தைத் தாங்கள் அறிவீர்கள். 2001-ல் சீனாவின் டென்சென்ட்டில் பங்கு வாங்கிய அந்த நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு, டென்சென்ட்டில் அதற்கிருந்த பங்கின் மதிப்பைவிடவே பல ஆண்டுகள் குறைவாக இருந்தது. 2019-ல் அந்தப் பங்கைப் புரோசஸ் என்ற நிறுவனத்தில் வைத்து ஆம்ஸ்டர்டாமில் பட்டியலிட்டார்கள், தள்ளுபடி போகவில்லை. டென்சென்ட் பங்குகளைச் சிறிது சிறிதாக விற்று, அந்தப் பணத்தில் தம் பங்குகளையே திரும்ப வாங்குவோம் என்று 2022 ஜூனில் அறிவித்த பிறகுதான் இடைவெளி சுருங்கத் தொடங்கியது. பட்டியலிட்டபோது பெயர்ப்பலகை மாறியது. 2022-ல்தான் பணம் போகும் வழி மாறியது. துணை நிறுவனப் பங்குகளை விற்றால் வரும் வரியும் இந்த இடைவெளிக்கு ஒரு காரணம். விற்கும் எண்ணமே இல்லாத நிறுவனத்துக்கு வரியை முழுவதுமாகக் கழிப்பது மிகையாகும், அடியோடு விடுவதும் தவறாகும்.

இந்தப் பொருள் குறித்து நான் முன்பு எழுதிய கடிதங்கள் எவையும் அச்சேறவில்லை. அதைப் பற்றிக் குறை கூற இப்போது வரவில்லை. என் வேண்டுகோள் சிறியது. இனி இத்தகைய மதிப்பீட்டை வெளியிடும்போது, ஒவ்வொரு தொழிலிலும் தாய் நிறுவனத்துக்குள்ள உரிமைச் சதவீதம், தாய் நிறுவன அளவிலான நிகரக் கடன், தலைமையகச் செலவை மடங்காக்கிக் கிடைக்கும் தொகை ஆகிய மூன்று வரிகளையும் அட்டவணையிலேயே அச்சிடுமாறும், சென்ற இதழின் 12,000 கோடிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்