ஸ்டாக் எடுத்தபோது குறைந்த 10 யூனிட்: வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அடக்கவிலைக் கணக்கியலுக்குக் கேள்வி தயாரிக்கும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

ஸ்டோர்ஸ் லெட்ஜர் கணக்கின் நடுவில் "சரக்கு எண்ணியதில் 10 யூனிட் குறைவு" என்று ஒரு வரி போட்டுவிடுகிறீர்கள். அது எந்தத் தேதியில் தெரிந்தது, இயல்பான குறைவா இல்லையா என்று மட்டும் பல தாள்களில் சொல்வதில்லை. அதனால் என்ன ஆகிறது என்று ஒரு கணக்கு போட்டே காட்டுகிறேன்.

1ஆம் தேதி இருப்பு 100 யூனிட், விலை 10. 5ஆம் தேதி வரவு 200, விலை 12. 8ஆம் தேதி 150 வழங்கல். 12ஆம் தேதி வரவு 100, விலை 15. 20ஆம் தேதி எண்ணியதில் 10 குறைவு. 25ஆம் தேதி 120 வழங்கல்.

லிஃபோவில் 8ஆம் தேதி வழங்கல் முழுக்க 12 விலையில் போகும். 20ஆம் தேதி குறைவையும் ஒரு வழங்கல் போலவே எழுதினால், கடைசியாக வந்த 15 விலைச் சரக்கிலிருந்து 10 யூனிட், அதாவது 150 மதிப்பு கழியும். அப்புறம் 25ஆம் தேதி 90 யூனிட் 15 விலையிலும் 30 யூனிட் 12 விலையிலும் போய், வழங்கலின் மதிப்பு 1,710 ஆகும். தேதி தெரியாத மாணவன் அதே குறைவை மாதக் கடைசியில் எழுதினால் வழங்கல் 1,740, குறைவு 120. மாத முடிவு இருப்பு இரண்டிலும் 1,240தான், ஆனால் உற்பத்தியின் தலையில் 30 கூடுதலாக விழுகிறது. விடைத்தாள் திருத்துபவர் எதற்கு மதிப்பெண் போடுவார்?

குறைவு இயல்பானது என்றால் அந்த 150 மேற்செலவில் சேரும், அல்லது மீதிச் சரக்கின் விலையில் ஏறும். அசாதாரணம் என்றால் அடக்க லாப நட்டக் கணக்குக்குப் போகும். ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும், யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

சாதாரண சராசரியில் சிக்கல் வேறு மாதிரி. இங்கே அளவைப் பார்க்காமல் விலைகளை மட்டும் கூட்டி வகுக்கிறோம், பழைய சரக்கு முதலில் தீர்ந்ததாக வைத்துக்கொண்டு. 8ஆம் தேதி விலை 11, வழங்கல் 1,650. அதோடு 10 விலைச் சரக்கு தீர்கிறது. 20ஆம் தேதி கையில் இருப்பது 12, 15 ஆகிய இரண்டு விலைகள், சராசரி 13.50, குறைவு 135. 25ஆம் தேதி வழங்கல் 1,620. மீதி 120 யூனிட், மதிப்பு 1,495. இந்த மீதியையும் அதே 13.50க்கு வழங்கிப் பாருங்கள்: யூனிட் பூஜ்யம், மதிப்பு கழித்தல் 125! இது மாணவனின் கூட்டல் பிழை இல்லை, முறையின் குணமே அதுதான், விலை ஏறி இறங்கும் இடத்தில் இன்னும் மோசமாகத் தெரியும். இருப்பு முழுக்கத் தீரும்படி கணக்கு அமைத்தால், மிஞ்சும் வித்தியாசத்தை எங்கே எழுதுவது என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. உண்மையான ஸ்டோர்ஸில் குறைவு தெரிந்ததும் யாரும் உடனே லெட்ஜரில் எழுதிவிட மாட்டார்கள். முதலில் பின் கார்டைப் பார்ப்பார்கள். அதிலும் 10 குறைவாக இருந்தால் பெரும்பாலும் லெட்ஜரில் பதியாமல் விட்ட வழங்கல் சீட்டு ஒன்று எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம். அப்படியொரு வரியையும் ஒருமுறை கேள்வியில் வையுங்களேன்.