பூட்டிக் கிடந்த மாடி வீடும் உன் வாடகைக் கடிதமும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டையும் படித்தேன். உன் வீட்டு உரிமையாளர் கொடுத்த வாடகை உயர்வு அறிவிப்பையும், அதற்கு நீ எழுதி வைத்திருக்கும் பதிலையும். அந்தப் பதிலை இன்னும் அனுப்பவில்லை என்று சொன்னாயே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. "இவ்வளவு உயர்த்தினால் காலி செய்துவிடுவேன்" என்ற வரியை எடுத்துவிடு. அவர் "சரி, செய்து கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதினால் நீ எங்கே போவாய்? போக இடம் பார்த்து வைக்காமல் அந்த வார்த்தையை எழுதக் கூடாது. பார்த்து வைத்திருந்தாலும் முதல் கடிதத்தில் எழுத வேண்டாம்.

மாடி வீட்டை நாம் வாடகைக்கு விட்டிருந்த காலம் உனக்கு நினைவிருக்கலாம். ஆனால் இதை உனக்கு நான் சொன்னதில்லை. அங்கே நான்கு ஆண்டு இருந்தவர் தேதி தவறாமல் வாடகை கொடுத்தவர். அவருக்கு நான் ஒரே தடவையில் 20 சதவீதம் உயர்த்தினேன். கணக்கு எளிதாக இருக்க, பழைய வாடகையை 100 என்று வைத்துக்கொள். நான் கேட்டது 120. அவர் 110 தருகிறேன், இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறேன் என்று பணிவாகக் கேட்டார். நான் மறுத்தேன். அவர் போய்விட்டார். வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. அவர் கொடுத்திருக்கக்கூடிய 330 போயிற்று. வர்ணம் பூசியதில் 50. புதியவரை அழைத்து வந்த தரகருக்கு ஒரு மாத வாடகை. அந்தப் புதியவரும் 120 தரவில்லை, 115-க்குத்தான் வந்தார். ஆக, 495-ஐ இழந்து, மாதம் வெறும் 5 கூடுதலாகப் பெற்றேன். அந்த இழப்பை ஈடுகட்ட 99 மாதம், அதாவது எட்டு ஆண்டுக்கு மேல் வேண்டும். நல்ல மனிதரை அனுப்பிவிட்டோமே என்ற வருத்தம் இன்றைக்கும் எனக்கு உண்டு.

இதைச் சொல்வதற்குக் காரணம், உன் வீட்டுக்காரரின் மனதில் ஓடுவது என்ன என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான். வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு வாடகை குறைவாக வருவதைவிட வீடு காலியாகக் கிடப்பதுதான் பெரிய செலவு. ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் ஆண்டு வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 8 சதவீதத்துக்கு மேல், ஒரேயடியாகப் போய்விடும். உன்னிடம் விற்க இருக்கும் சரக்கு அதுதான்: வீடு காலியாகாது என்ற உறுதி.

இப்போது உன் கணக்குக்கு வருவோம். இன்றைய வாடகையை 100 என்று வை. அவர் கேட்பது 115. நீ 24 மாத ஒப்பந்தம் கேள். முதல் ஆண்டு 106, இரண்டாம் ஆண்டு 110. அவருக்கு இரண்டு ஆண்டில் 2592 கிடைக்கும். அவர் உன்னை அனுப்பிவிட்டு வேறொருவரை 115-க்கு வைத்தால் என்ன ஆகும்? ஒரு மாதம் காலி என்றால் 23 மாதத்துக்கு 2645. வர்ணத்துக்கும் சுத்தம் செய்யவும் 50 போகும். தரகருக்கு ஒரு மாத வாடகை கொடுக்க வேண்டியிருந்தால் கையில் நிற்பது 2480 அளவுதான். தரகரே இல்லாமல் ஆள் வந்தாலும் 2595, உன் தொகைக்குச் சரிக்குச் சரி.

ஆனால் இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. நீ வெளியேறிய மறுநாளே வேறொருவர் 115 கொடுத்து வந்துவிடுவார் என்றால் அவருக்கு 2700-க்கு மேல் கிடைக்கும். உன் கோரிக்கையை அவர் ஏற்க எந்தக் காரணமும் இருக்காது. எது உன் நிலைமை என்பதை ஊகிக்காதே, பார்த்துத் தெரிந்துகொள். உன் பகுதியில் இதே அளவு, இதே அறைகள் கொண்ட வீடுகளின் வாடகை விளம்பரங்களை இன்றைக்கே குறித்து வை. ஒரு வாரம் கழித்து அவற்றில் எவை இன்னும் இருக்கின்றன என்று பார். 115-ஐ ஒட்டிய வீடுகள் அப்படியே கிடந்தால் உன் கை ஓங்கியிருக்கிறது. இரண்டு நாளில் மறைந்துவிட்டால், அல்லது எல்லாமே 120, 125 என்று கேட்டால், அவர் கேட்டது நியாயம். அப்போது 112 வரை கேட்டுப்பார், பிடிவாதம் வேண்டாம். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் தொகை, கிடைக்கும் தொகை அல்ல என்பதையும் மறக்காதே.

எழுதுவதற்கு முன் இன்னொரு வேலை. உன் பழைய ஒப்பந்தத்தை எடுத்துத் தேதியைப் பார். காலம் இன்னும் முடியவில்லை, நடுவில் உயர்த்தலாம் என்ற வாசகமும் இல்லை என்றால், பொதுவாக அந்தக் காலம் முடியும்வரை அவர் உயர்த்த முடியாது. எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஒரு தடவையில் எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்குச் சில இடங்களில் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. நீ இருக்கும் இடத்தின் விதியை அங்கேயே விசாரித்துக்கொள். பேச்சு முடியும்வரை பழைய வாடகையைத் தேதி தவறாமல் செலுத்து. பேசிக்கொண்டிருக்கும்போதே 115-ஐக் கட்டிவிட்டால், நீ ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தது ஆகும்.

கடிதத்தை இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன். உன் நடைக்கு மாற்றிக்கொள்.

"மதிப்பிற்குரிய ஐயா, வாடகை உயர்வு பற்றிய தங்கள் அறிவிப்பு கிடைத்தது. மூன்று ஆண்டுகளாக இந்த வீட்டில் இருக்கிறேன். தொடர்ந்து இருக்கவே விரும்புகிறேன். வாடகையை இதுவரை ஒருமுறையும் தாமதமாகச் செலுத்தியதில்லை. உயர்வு தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் 15 சதவீதத்தை ஒரே தடவையில் ஏற்பது எனக்குக் கடினமாக இருக்கிறது. அதற்கு மாற்றாக, தாங்கள் குறிப்பிட்ட தேதியிலிருந்து 24 மாதத்துக்குப் புதிய ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். முதல் 12 மாதம் இன்றைய வாடகையில் 6 சதவீத உயர்வு. அடுத்த 12 மாதம் இன்றைய வாடகையில் 10 சதவீத உயர்வு. பராமரிப்புக் கட்டணமும் முன்பணமும் இப்போது உள்ளபடியே இருக்கட்டும். இது தங்களுக்கு ஏற்புடையது என்றால் ஒப்பந்தத்தில் உடனே கையெழுத்திடத் தயாராக இருக்கிறேன். இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் தங்கள் கருத்தைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். நேரில் பேச விரும்பினாலும் வருகிறேன்."

இதில் நான் மேலே போட்ட கணக்கு எதுவும் இல்லை என்பதைக் கவனி. வீடு காலியானால் உங்களுக்கு இவ்வளவு நட்டம் என்று எழுதினால் அது மிரட்டலாகப் படும். அவருக்குத் தன் கணக்கு தெரியும். 24 மாதம் என்ற சொல்லைப் படித்ததும் தானே போட்டுக்கொள்வார். அதேபோலக் குளியலறைக் கசிவைப் பற்றிய உன் புகாரையும் இதில் சேர்க்காதே. அது நியாயமான புகார்தான், ஆனால் அதற்குத் தனிக் கடிதம். இரண்டையும் கலந்தால் அவர் கசிவுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு வாடகையைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுவார். தாமதமே இல்லை என்ற வரியை எழுதும் முன் வங்கிக் கணக்கில் மூன்று ஆண்டையும் ஒருமுறை சரிபார். ஒருமுறை தாமதமாகியிருந்தாலும் அந்த வரி வேண்டாம்.

பராமரிப்புக் கட்டணத்தை ஏன் குறிப்பிட்டேன் என்று கேட்பாய். வாடகையில் விட்டுக்கொடுத்ததை அந்தத் தலைப்பில் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? இரண்டாம் ஆண்டு உயர்வையும் எண்ணாகவே கேட்டிருக்கிறேன். "அன்றைய நிலவரப்படி" என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அடுத்த ஆண்டு இதே கடிதத்தை மறுபடியும் எழுத வேண்டியிருக்கும்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். போன மாதம் பேசும்போது வேலையில் இடமாற்றம் வரலாம் என்றாயே, அது எந்த அளவுக்கு நிச்சயம்? 24 மாதம் என்பது அவரை மட்டும் கட்டாது, உன்னையும் கட்டும். பதினான்காவது மாதம் நீ போக வேண்டியிருந்தால் மிச்ச மாதங்களுக்கு அவர் வாடகை கேட்கலாம், முன்பணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அதனால் அவர் ஒப்புக்கொண்ட பிறகு, ஒப்பந்தத்தை எழுதும் நேரத்தில் இதைக் கேள்: 12 மாதம் முடிந்த பின் வேலை மாற்றத்தால் வெளியேற நேர்ந்தால் இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்கிறேன், வெளியேறும்போது ஒரு மாத வாடகையை ஈடாகத் தருகிறேன். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற உரிமையை மட்டும் கேட்காதே. அதைக் கேட்டால் நீ கொடுத்த உறுதிக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும். இடமாற்றம் ஆறு மாதத்துக்குள் வருவது உறுதி என்றால் இந்தக் கடிதமே வேண்டாம். எத்தனை மாதம் என்று எதுவும் சொல்லாமல் 9 சதவீதம் மட்டும் கேட்டுப்பார், அதோடு விடு. இருக்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே இருப்பேன் என்று எழுதுவதை நான் விரும்பமாட்டேன்.

அவர் நடுவில் ஒரு தொகையைச் சொல்வார். பெரும்பாலும் 110 என்பார். 109 வரை ஏற்றுக்கொள், ஆனால் இரண்டாம் ஆண்டு உயர்வு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பிடித்து நில். அதற்கு மேல் போனால் வேறு வீட்டுக்கு மாறும் செலவை முழுதாகக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடு. சாமான் ஏற்றி இறக்கும் கூலி, புதிய முன்பணம், தரகர், ஓரிரு வாரம் இரண்டு வீட்டுக்கும் வாடகை, எல்லாம் சேர்த்து. பெரும்பாலும் அது உன் ஓராண்டு உயர்வைவிட அதிகமாகவே வரும்.

தொலைபேசியில் சரி என்று சொன்னாலும் அன்றைக்கே தொகை, தேதி, மாதங்கள் மூன்றையும் எழுதி அனுப்பி, "நாம் பேசியது இதுதானே" என்று கேட்டு வை. பிறகு புதிய ஒப்பந்தத்தில் இருவர் கையெழுத்தும் விழ வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைச் சில இடங்களில் பதிவு செய்ய வேண்டியிருக்கும்; அந்தச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசி முடி.

விளம்பரங்களைக் குறித்துவிட்டு எனக்கும் அனுப்பு, சேர்ந்தே பார்ப்போம். ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்; 106 என்றே எழுதலாமா, இல்லை கொஞ்சம் ஏற்றி எழுத வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். 15-ஆம் தேதிக்குள் கடிதம் அவர் கைக்குப் போய்விட வேண்டும்.

அன்புடன்,
அம்மா