அனோவா அட்டவணைக்கு நாலு வரி இடம் கொடுங்கள்: வேளாண் ஆய்விதழ் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர் குழுவினருக்கும், முதுநிலை ஆய்வேடுகளைத் திருத்தும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். ஆர்.பி.டி. அமைப்பில் போட்ட ரக ஒப்பீட்டுச் சோதனை எதையும் இனி அனோவா அட்டவணை இல்லாமல் அச்சேற்றாதீர்கள். இப்போது வருகிற கட்டுரைகளில் முதல் அட்டவணையில் சராசரி மகசூலும் பக்கத்தில் a, ab, b என்று எழுத்துகளும் இருக்கின்றன. அடியில் எஸ்.இ.டி., சி.டி. இரண்டும் வரும். அடுத்த அட்டவணையில் ஜி.சி.வி., பி.சி.வி., ஹெரிட்டபிலிட்டி. இரண்டுக்கும் மூலமான அனோவா மட்டும் இருப்பதில்லை. கேட்டால் இடமில்லை என்கிறார்கள். அந்த அட்டவணை இல்லாததால் என்னென்ன மறைகிறது என்பதை ஒரு கணக்கு போட்டே காட்டுகிறேன்.

எண்கள் நானே எடுத்துக்கொண்டவை, பெருக்கிப் பார்க்க எளிதாக இருக்கட்டும் என்று. உளுந்தில் 11 கல்ச்சர்கள், ஒரு செக் ரகம், ஆக 12. மூன்று தொகுதிகள், 36 பாத்திகள். மொத்தச் சராசரி ஹெக்டேருக்கு 800 கிலோ. ரகங்களின் சராசரி வர்க்கம் 30,000, பிழையின் சராசரி வர்க்கம் 6,000. F மதிப்பு 5. விடுதலைக் கூறுகள் தொகுதிக்கு 2, ரகத்துக்கு 11, பிழைக்கு 22. ரகங்களுக்குள் வேறுபாடு இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

இதிலிருந்து வருபவை: ஒரு ரகச் சராசரியின் திட்டப்பிழை 44.7 கிலோ, இரண்டு சராசரிகளின் வித்தியாசத்துக்கு 63.2 கிலோ. 22 விடுதலைக் கூறுக்கான t மதிப்பு 2.074. பெருக்கினால் சி.டி. 131 கிலோ.

முதலிடம் வந்த கல்ச்சர் 970, செக் 850 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 120. உடனே "செக் ரகத்துடன் ஆன் பார்" என்று எழுதிவிடுகிறோம். படிப்பவர் இரண்டும் சமம் என்று எடுத்துக்கொள்கிறார். ஆனால் இந்தச் சோதனை சொல்வது அதுவல்ல. உண்மையான வித்தியாசம் செக் பக்கம் 11 கிலோ முதல் கல்ச்சர் பக்கம் 251 கிலோ வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது. 120 கிலோவைப் பிரித்துக் காட்ட மூன்று தொகுதிகள் போதவில்லை, அவ்வளவே. ஹெக்டேருக்கு 120 கிலோ உளுந்தை எந்த விவசாயியும் சமம் என்று ஏற்க மாட்டார்.

எதிர்ப்பக்கமும் தவறு நடக்கிறது. அதுதான் பெரிய தவறு என்பது என் எண்ணம். 131 கிலோ என்பது விதைக்கும் முன்பே முடிவு செய்த ஒரு ஜோடிக்கான அளவுகோல். இந்தக் கல்ச்சரைச் செக்கோடு ஒப்பிடப்போகிறேன் என்று முதலிலேயே திட்டமிட்டிருந்தால் அது சரி. ஆனால் 12 சராசரிகளையும் வரிசைப்படுத்தி, மேலே நிற்பதையும் கீழே நிற்பதையும் பார்த்த பிறகு எடுத்தால் கதை வேறு. ஒரே விதை மூட்டையிலிருந்து எடுத்து 12 பெயர் எழுதி விதைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு எதுவுமே இல்லாத அந்தச் சோதனையிலும் முதலுக்கும் கடைசிக்கும் உள்ள இடைவெளி சராசரியாக 44.7 கிலோவைப்போல 3.26 மடங்கு, அதாவது 146 கிலோ இருக்கும். சி.டி.யைவிட அதிகம்! F சோதனை முதலில் காவல் நிற்பதால் இந்த உதாரணத்தில் ஓரளவு தப்பிக்கிறோம். F ஓரத்தில் நிற்கிற சோதனைகளில் அந்தக் காவலும் கிடையாது.

டி.எம்.ஆர்.டி. போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரோடியிருக்கிறது. டங்கன் 1955இல் வெளியிட்ட அந்த முறை, பக்கத்துப் பக்கத்துச் சராசரிகளுக்கு 131 கிலோவையே அளவாக வைக்கிறது. முதலுக்கும் பன்னிரண்டாவதுக்கும் அதைச் சுமார் 150 கிலோ வரைதான் உயர்த்துகிறது. டுக்கி முறை எல்லா 66 ஜோடிகளுக்கும் சேர்த்து 5 சதவீதப் பிழையைக் கட்டுப்படுத்துவதால் சுமார் 230 கிலோ கேட்கும். எது சரி என்பது கேள்வியைப் பொறுத்தது. நிராகரிக்க அவசரப்படக் கூடாத ஆரம்பகட்டத் தேர்வில் சி.டி.யே போதும் என்பேன். ரகம் வெளியிடப் பரிந்துரைக்கும் கட்டத்தில் அது போதாது. எந்த முறையைப் போட்டோம், ஏன் போட்டோம் என்று ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். a, ab என்ற எழுத்துகள் வானத்திலிருந்து விழுவதில்லை. (தழைச்சத்து 0, 40, 80, 120 கிலோ என்று அளவுகள் ஏறும் சோதனைக்கும் இதே எழுத்துகளை ஒட்டுகிறார்கள். அங்கே வேண்டியது ஒரு வளைகோடு. அதற்குத் தனி மடல்தான் எழுத வேண்டும்.)

இனி இரண்டாவது அட்டவணை. ரக மாறுபாட்டுக் கூறு (30,000 − 6,000) ÷ 3 = 8,000. பிழைக் கூறு 6,000. இங்கிருந்து ஹெரிட்டபிலிட்டி இரண்டு விதமாக வரும். ஒற்றைப் பாத்தி அடிப்படையில் 8,000 ÷ 14,000, அதாவது 57 சதவீதம். மூன்று பாத்திச் சராசரி அடிப்படையில் 8,000 ÷ 10,000, அதாவது 80 சதவீதம். 60க்கு மேல் போனால் "அதிகம்" என்று எழுதும் வழக்கத்தில் முதல் கணக்கு "மிதம்" ஆகிறது, இரண்டாவது "அதிகம்" ஆகிறது. செடியிலோ வயலிலோ எதுவும் மாறவில்லை. எந்த அடிப்படை என்று சொல்லாத கட்டுரைகள் ஏராளம்.

அனோவா இல்லாமலே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மதிப்பாய்வுக்கு வரும் கட்டுரைகளில் நான் முதலில் செய்வது இதுதான். பிழைச் சராசரி வர்க்கத்தை இரண்டு பாதையில் பின்னோக்கிக் கணக்கிடுவேன்:

```
MSe = r × (CD / t)² / 2
Ve  = (PCV² − GCV²) × (mean / 100)²
```

நம் உதாரணத்தில் முதல் பாதை 3 × (131.2 ÷ 2.074)² ÷ 2, ஏறத்தாழ 6,000. ஜி.சி.வி. 11.2, பி.சி.வி. 14.8 என்று அச்சாகியிருந்தால் இரண்டாவது பாதையும் 6,000ஐ ஒட்டியே வரும். பொருந்துகிறது; ஆகவே ஒற்றைப் பாத்தி அடிப்படை. பி.சி.வி. 12.5 என்று இருந்தால் இரண்டாவது பாதை 2,000ஐ ஒட்டி நிற்கும். அது 6,000இல் மூன்றில் ஒரு பங்கு. ஆக, சொல்லாமல் சராசரி அடிப்படைக்குப் போயிருக்கிறார்கள். இரண்டுக்கும் பொருந்தாத எண் வந்தால், இரண்டு அட்டவணைகளும் ஒரே சோதனையிலிருந்து வந்தவை அல்ல, அல்லது எங்கோ கை தவறியிருக்கிறது. கட்டுரையாளருக்குத் திருப்பி அனுப்ப இது ஒன்றே போதும்.

விடுதலைக் கூறுகளும் பேசும். பிழைக்கு 22 இருக்க வேண்டிய இடத்தில் 24 இருந்தால், தொகுதி விளைவு "பொருட்படுத்தத்தக்கதல்ல" என்று அதைப் பிழையோடு சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். வயலில் தொகுதி கட்டி விதைத்தால் கணக்கிலும் தொகுதி இருக்க வேண்டும், அதன் F என்னவாக இருந்தாலும். நூற்றைத் தாண்டியிருந்தால் விஷயம் மோசம்: பாத்திக்கு ஐந்து செடி பறித்து அளந்து, ஒவ்வொரு செடியையும் ஒரு மறுசெய்கையாக ஏற்றியிருக்கிறார்கள். ஐந்து செடிகளும் ஒரே பாத்தியின் ஈரத்தையும் உரத்தையும் பகிர்ந்துகொண்டவை. ரகம் தற்போக்காக ஒதுக்கப்பட்டது பாத்திக்கு, செடிக்கு அல்ல. இந்த இரண்டு தவறுகளையும் அனோவா அட்டவணை ஒரே பார்வையில் காட்டிக்கொடுக்கும். சி.டி. காட்டாது.

80 சதவீதம் என்ற எண்ணையே எவ்வளவு நம்பலாம்? 11, 22 விடுதலைக் கூறுகளோடு F 5 என்றால், அந்த 80க்கான 95 சதவீத எல்லை ஏறக்குறைய 47 முதல் 94 வரை. 12 ரகங்களை வைத்து மாறுபாட்டுக் கூறு மதிப்பிட்டால் இப்படித்தான் விரியும். ஆனால் ஆய்வேடுகளில் அது 80.00 என்று இரண்டு தசமத்தோடு வருகிறது. எல்லைகளையும் எழுதினால், இரண்டு குணங்களில் ஒன்று 80, மற்றது 71 என்பதை வைத்துப் பத்தி பத்தியாக விவாதம் செய்வது தானாகவே நின்றுவிடும்.

இன்னொரு சிக்கல், ஒரே இடத்தில் ஒரே பருவத்தில் நடத்திய சோதனை என்பது. அந்த 8,000க்குள் ரகத்தின் சொந்தத் திறனும், அந்த மண்ணோடும் அந்த ஆண்டு மழையோடும் ரகம் சேர்ந்து காட்டிய விளைவும் கலந்தே கிடக்கின்றன. பிரித்தெடுக்க இந்த வடிவமைப்பில் வழியே இல்லை. ஆகவே ஹெரிட்டபிலிட்டி உண்மையைவிடக் கூடுதலாகவே தெரியும். அதிலிருந்து மரபு முன்னேற்றம் கணக்கிட்டு அடுத்த தலைமுறைக்கு வாக்குறுதி கொடுப்பது சரியல்ல.

முதல் அட்டவணைக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஓர் உள்முரண்பாடும் இருக்கிறது. எழுத்து ஒட்டும்போது இந்தப் 12 ரகங்கள் மட்டுமே நம் அக்கறை. மாறுபாட்டுக் கூறு எடுக்கும்போது அதே பன்னிரண்டும் ஒரு பெரிய கூட்டத்திலிருந்து வந்த மாதிரி. செக் ரகத்தையும் அந்தக் கூட்டத்தில் சேர்க்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. மாதிரிதான் என்றால் முதலிடத்தின் 970ஐ அப்படியே எழுதக் கூடாது. சராசரியைவிட 170 கிலோ கூடுதல் என்பதை 0.80ஆல் பெருக்கி 136 ஆக்கி, 936 என்று சொல்ல வேண்டும். முதலிடத்துக்கு வந்ததில் கொஞ்சம் நல்ல பாத்தியின் அதிர்ஷ்டமும் உண்டு; அதைக் கழிக்கும் கணக்கு இது.

சில குணங்களில் பிழை பெரிதாகி மாறுபாட்டுக் கூறு எதிர்ம எண்ணாக வரும். ரகத்துக்கு 5,000, பிழைக்கு 6,000 என்றால் விடை −333. அந்த வரிக்குக் கோடு போட்டுவிடுகிறார்கள். குறியை மாற்றி எழுதியதையும் பார்த்திருக்கிறேன். `lmer` போட்டவர்களுக்குத் திரையில் `boundary (singular) fit` என்று வந்து விடை 0 ஆகிவிடும். −333 என்றே அச்சிடுங்கள். உண்மை மதிப்பு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம், அல்லது தொகுதிகள் வயலின் சரிவோடு ஒத்துப்போகாமல் ஒரே தொகுதிக்குள் மேடும் பள்ளமும் வந்திருக்கலாம் என்பதற்கான தடயம் அது.

ஆகவே உங்கள் விதிமுறைகளில் சேர்க்கக் கேட்பவை இவை: தொகுதி, ரகம், பிழை மூன்றுக்கும் விடுதலைக் கூறும் சராசரி வர்க்கமும், பாத்தி அளவும் தொகுதிகள் கிடந்த திசையும், ஒப்பீட்டு முறையின் பெயரும் காரணமும், ஹெரிட்டபிலிட்டியின் அடிப்படையும் எல்லைகளும். தலைப்போடு சேர்த்து நாலு வரி அட்டவணை, இரண்டு மூன்று வாக்கியங்கள். இடம் போதாவிட்டால் ஜி.சி.வி.யையும் பி.சி.வி.யையும் அடுத்தடுத்துத் தூண்களாக நிறுத்தும் அந்த வண்ணப் படத்தை எடுத்துவிடுங்கள். அதில் இருப்பதெல்லாம் அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மதிப்பாய்வாளர்களில் ஒருவன்