ஜெனரேட்டர் ஓடியது, பதினோரு நிமிடம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் கடந்த வாரம் ஏற்பட்ட மின்தடை பற்றி மூன்று வரிச் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். 'சிறிது நேரம் மின்சாரம் இல்லை, பாதிப்பு ஏதும் இல்லை' என்று அதில் இருந்தது. உயிரிழப்பு இல்லை என்பது உண்மை. பாதிப்பே இல்லை என்பது சரியல்ல. என் மைத்துனருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்ததால் நான் அங்கேயே இருந்தேன். ஜெனரேட்டர் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் நடந்ததை நேரத்தோடு எழுதுகிறேன்.

இரவு 7.42-க்குக் கரண்ட் போனது. ஒரு நிமிடத்துக்குள் ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. 7.50 வாக்கில் விளக்குகள் மங்கி மங்கிப் பிரகாசமாகத் தொடங்கின. இன்ஜின் சத்தமும் ஏறி இறங்கியது. டீசல் சரியாக வரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். 7.54-க்கு நின்றுவிட்டது.

டயாலிசிஸ் பிரிவில் ஆறு இயந்திரங்களும் ஒன்றாக அலறின. அவற்றில் இருக்கும் பேட்டரி சிறிது நேரம் ரத்தப் பம்பைச் சுற்றும். என் மைத்துனர் படுத்திருந்த இயந்திரத்தில் பேட்டரி பழசு, உடனே நின்றது. உடம்புக்கு வெளியே குழாயிலும் வடிகட்டியிலும் 200 மில்லி அளவுக்கு ரத்தம் நிற்கும். அப்படியே விட்டால் உறைந்துவிடும். டெக்னீஷியன் பெண் கைப்பிடியை எடுத்துப் பம்பில் மாட்டி, சலைனைத் திறந்துவிட்டு, சீராகச் சுற்றிச் சுற்றி ரத்தம் முழுவதையும் உடம்புக்குத் திருப்பிவிட்டார். செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டது நான். முடித்த கையோடு அடுத்த படுக்கைக்கு ஓடினார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர்கள் பேட்டரியில் ஓடின. அதில் ஒன்று 8.10 அளவில் நின்றுபோக, நர்ஸ்கள் மாறி மாறி ஆம்பு பையை அழுத்தி மூச்சு கொடுத்திருக்கிறார்கள். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வார்மர்கள் அணைந்தன. அவற்றுக்குப் பேட்டரி கிடையாது. குழந்தைகளைத் தாய்மார்களின் நெஞ்சோடு அணைத்துப் போர்த்தி வைத்ததாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அதுதான் சரியான செயல். ஊழியர்கள் எல்லோருக்கும் என் நன்றி.

சரி, ஜெனரேட்டர் ஏன் நின்றது? டீசல் ஃபில்டர் அடைத்துவிட்டது. கழற்றியபோது பார்த்தேன், கறுப்புச் சேறும் தண்ணீரும் கலந்து வந்தது. மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் டீசலில் அடியில் தண்ணீர் சேரும், அதில் பாசி போன்ற அழுக்கு வளரும். வாரந்தோறும் சோதித்திருக்கிறார்களே என்று கேட்கலாம். சோதித்திருக்கிறார்கள், பதிவேட்டில் வாராவாரம் 'சரி' என்றே இருக்கிறது. ஆனால் அது லோடு கொடுக்காமல் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது. 250 கேவிஏ இன்ஜின் முக்கால் லோடில் மணிக்கு நாற்பது லிட்டர் போல டீசல் இழுக்கும். சும்மா ஓடும்போது அதில் கால்வாசிதான். பாதி அடைத்த ஃபில்டர் அந்தக் கால்வாசிக்குத் தாராளமாக வழிவிடும். வார்டுகளின் லோடு முழுவதும் ஏறும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று. ஜெனரேட்டர் 8.33-க்கு மறுபடி ஓடியது. நின்றிருந்த 39 நிமிடத்தில் ஃபில்டர் மாற்றவும், கைப்பம்பு அடித்து டீசல் குழாயில் புகுந்த ஏரை எடுக்கவும் ஆனது பதினான்கு நிமிடம்தான். மீதி இருபத்தைந்து நிமிடமும் கடையிலிருந்து ஃபில்டர் வருவதற்காகக் காத்திருந்தது. ஆபரேட்டரைக் குறை சொல்ல மாட்டேன், ஸ்பேர் வாங்கிக் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. 8.50-க்குக் கரண்ட் வந்தது.

2019 மே 7-ஆம் தேதி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மழைக்காற்றில் மின்சாரம் போனபோது வென்டிலேட்டரில் இருந்தவர்கள் இறந்தார்கள். மின்தடைதான் காரணம் என்றார்கள் உறவினர்கள், நிர்வாகம் மறுத்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. எந்த வார்டில் எத்தனை மணிக்கு எது நின்றது என்ற குறிப்பு இந்த மாதிரி நேரத்தில் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மருத்துவமனையில் அன்றிரவு அப்படி எதையும் யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. மாதம் ஒருமுறை, வார்டுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, மெயினை அணைத்து அரை மணி நேரம் உண்மையான லோடில் ஓட்டட்டும். அப்போது வோல்ட், ஹெர்ட்ஸ், ஆயில் பிரஷர் மூன்றையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதட்டும். ஹெர்ட்ஸ் 50-ஐ ஒட்டி நிலையாக இல்லாமல் ஆடினால் டீசல் சரியாக வரவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். டேங்க் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடிக்கட்டும். ஜெனரேட்டர் அறையிலேயே இரண்டு செட் ஃபில்டர் இருக்கட்டும். அப்புறம், வென்டிலேட்டர், டயாலிசிஸ் இயந்திரம் ஒவ்வொன்றிலும் பேட்டரி மாற்றிய தேதியை ஒட்டி வைக்கட்டும்.

அடுத்த மாதம் உங்கள் நிருபர் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அதில் 'சரி' என்ற ஒற்றைச் சொல் இருக்கிறதா, அளவுகள் இருக்கின்றனவா என்று எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜெனரேட்டர் மெக்கானிக்